நான்காம் வகுப்புக்கு இந்தப் பத்தி பொருந்துமா? வாசிப்பு நிலையை மதிப்பிடும் முறை

வாசிப்பு அட்டையோ தேர்வுத்தாளோ தயாரிக்கும் குழுவில் புதிதாகச் சேர்ந்தவரிடம் முதலில் வரும் வேலை பெரும்பாலும் இதுதான். ஒரு பத்தியைக் கொடுத்து, "இது நாலாம் வகுப்புக்குச் சரியா இருக்குமா, பாருங்க" என்பார்கள். படித்துப் பார்த்தால் எல்லாமே சுலபமாகத்தான் தெரியும். நமக்குப் பத்து வயது முடிந்து வெகுகாலம் ஆகிவிட்டதே! எனவே "சுலபம்", "கொஞ்சம் கஷ்டம்" என்று பொதுவாகச் சொல்லாமல், முன்கூட்டியே எழுதி வைத்த அளவுகோல்களைப் பத்தியின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு காட்டுகிறேன். இங்கே வரும் புள்ளிகளும் எல்லைகளும் நான் புதியவர்களுக்குக் கொடுக்கும் தாளில் உள்ளவை, அரசு வகுத்தவை அல்ல. உங்கள் குழுவின் தாளில் எண்கள் வேறாக இருக்கலாம், முறை பெரிதாக மாறாது.

யாருக்கு, எப்போது, யார் துணையோடு

பத்தியைத் தொடுமுன் மூன்று விஷயங்களைத் தாளின் தலையில் எழுதிவிடுங்கள். முதலாவது வகுப்பும் பருவமும். நான்காம் வகுப்புப் பிள்ளை ஜூனில் படிப்பதும் பிப்ரவரியில் படிப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது, பிள்ளை தனியே படிக்கப்போகிறதா, ஆசிரியர் பக்கத்தில் இருப்பாரா என்பது. ஒரே பத்தி வகுப்பில் நடத்தச் சரியாகவும் வீட்டில் தனியே படிக்கக் கடினமாகவும் இருக்கும். இதைக் கேட்காமல் மதிப்பிட உட்கார்ந்தால் பாதி வேலை வீண்.

மூன்றாவது, எந்தப் பிள்ளை என்பது. தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதாவது ஒரு வகுப்பறைக்குள்ளேயே மூன்று விதமான வாசகர்கள். "நான்காம் வகுப்புக்கு" என்று நம்மிடம் கேட்டால், மூன்றாம் வகுப்புப் பாடங்களை ஓரளவு தடையில்லாமல் படித்து முடித்த பிள்ளை என்று நான் எடுத்துக்கொள்வேன், அதைத் தாளிலும் எழுதி வைப்பேன். கதைத் தளங்களில் வரும் 'நிலை'யை வகுப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு நிலைகள் உண்டு. அங்கே மூன்றாம் நிலை என்பது வாசிப்புத் திறனின் படி, மூன்றாம் வகுப்பு என்று பொருளில்லை.

நம் உதாரணத்துக்குத் தலைப்பு இது: நான்காம் வகுப்பு, இரண்டாம் பருவம், தமிழ்வழி, தனியே வாசிக்க.

பத்தி

பங்குனி ஆமை கடலில் வாழ்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை இரவு நேரத்தில் கரையேறும் பெண் ஆமை, மணலைத் தோண்டிக் குழி செய்து, அதில் ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. சுமார் ஐம்பது நாட்களில் வெளிவரும் குஞ்சுகள் ஒளியை நோக்கி நகரும் இயல்புடையவை. முன்பு கடல்மேல் படும் நிலவொளியே அவற்றுக்கு வழிகாட்டியது. இப்போதோ கடற்கரைச் சாலை விளக்குகளால் அவை திசைமாறிச் செல்கின்றன. ஆகவேதான் தன்னார்வலர்கள் முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் வைக்கின்றனர்.

மொத்தம் 54 சொற்கள், 6 வாக்கியங்கள். சராசரி ஒரு வாக்கியத்துக்கு 9 சொற்கள். கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. இந்தச் சராசரியை நம்பி "சரி" போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கீழே வருகிறது.

சொல்: வட்டம் போடுவது

பென்சிலோடு முதல் சுற்று. பிள்ளைக்குக் காதாலும் பழக்கமில்லாத சொல்லுக்கு வட்டம் போடுங்கள். பிள்ளை அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்த பிறகும் "அப்படின்னா என்ன?" என்று கேட்குமா? கேட்கும் என்றால் வட்டம். பெயர்ச்சொற்களை விட்டுவிடலாம். 'பங்குனி ஆமை' என்பது பெயர், பத்தியே அது என்ன என்று சொல்லிவிடுகிறது.

வட்டம் வாங்குபவை: ஏறத்தாழ, இயல்புடையவை, பொரிப்பகம். 'தன்னார்வலர்' என்ற இடத்தில் ஆட்களிடையே சண்டை வரும். 'இல்லம் தேடிக் கல்வி' மையத்துக்குப் போன பிள்ளைகளுக்கு, சாயங்காலம் சொல்லிக்கொடுக்க வந்த அக்காவே தன்னார்வலர்தான், அதனால் அவர்களுக்கு அது தெரிந்த சொல். மற்றவர்களுக்கு அப்படி இல்லை. இப்படிச் சந்தேகம் வந்தால் முதலில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பாடநூல்களைப் புரட்டிப் பாருங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்போதும் தீரவில்லையென்றால் அரை வட்டம். ஆக மூன்றரை.

தாளில் உள்ள விதி: 50 சொற்களுக்கு ஒரு வட்டம் வரை 0 புள்ளி, அதற்கு மேல் நான்குக்குக் கீழ் 1 புள்ளி, நான்கும் அதற்கு மேலும் 2 புள்ளி. நம் பத்தியில் 54 சொல்லுக்கு மூன்றரை, எனவே 1 புள்ளி.

சொல்லின் உருவம்: அடிக்கோடு போடுவது

அர்த்தம் தெரிந்த சொல்லே எழுத்தில் அடையாளம் தெரியாமல் போவதுண்டு. தமிழில் இது தனிச் சிக்கல், இதற்கென்று ஓர் அளவுகோல் இல்லாத தாள் தமிழுக்கு உதவாது என்பது என் கருத்து. ஆங்கிலத்துக்கு ஃபிளெஷ்–கின்கெய்ட் என்ற சூத்திரம் இருக்கிறது. வாக்கியத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை அசை என்று கணக்கிட்டு வகுப்பைச் சொல்லும். அதன் எண்கள் ஆங்கிலத்துக்காக அமைந்தவை. வேற்றுமை உருபும் துணைவினையும் இடைச்சொல்லும் ஒரே சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் தமிழில் அதைப் போட்டால், ஒன்றாம் வகுப்புப் பாடம்கூடக் கல்லூரிப் பாடம் போலத் தெரியும்.

நீளமும் நம்பத்தக்க அளவு அல்ல. 'திரும்பிவிடுகிறது' ஒன்பது எழுத்து. ஆனால் பிள்ளை 'திரும்பி' என்று தொடங்கியதுமே விஷயம் பிடிபட்டுவிடுகிறது, மீதி தானாக வரும். 'நிலவொளியே' ஐந்தே எழுத்து. அதில் 'நிலவு' என்பதன் கடைசி எழுத்து கரைந்து, 'ஒளி' என்பதன் முதல் எழுத்து 'வொ'வுக்குள் ஒளிந்து, கடைசியில் ஓர் ஏகாரம் வேறு. "நில... வொளி..." என்று பிள்ளை தடுமாறுவது இங்கேதான். (எழுத்தை எண்ணக் கணினியை நம்புகிறவர்கள் கவனியுங்கள்: பைத்தானில் `len("திரும்பிவிடுகிறது")` என்று கேட்டால் 17 என்று வரும். மெய்யையும் அதன் மேல் வரும் குறியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது.)

எனவே அடிக்கோடு எதற்கு? புணர்ச்சியில் வேர்ச்சொல் மறைந்துபோன சொல்லுக்கும், பேச்சில் வராத எழுத்து வடிவத்துக்கும். இரண்டாவதில் ஒரு விலக்கு உண்டு. 'செல்கின்றன', 'வைக்கின்றனர்' போன்ற முடிவுகளை வீட்டில் யாரும் பேசுவதில்லை, ஆனாலும் நான்காம் வகுப்புக்கு வருவதற்குள் பிள்ளை அவற்றைப் பாடநூலில் பலமுறை பார்த்திருக்கும். விட்டுவிடலாம். இதே பத்தி இரண்டாம் வகுப்புக்கு என்றால் அவற்றுக்கும் கோடு போடுவேன். 'கடற்கரை'யில் ல் என்பது ற் ஆனாலும் சென்னைப் பிள்ளைக்கு அது பிறந்ததிலிருந்து கேட்ட சொல், கோடு வேண்டாம். 'இயல்புடையவை' ஏற்கெனவே வட்டத்துக்குள் இருக்கிறது. ஒரே சொல்லுக்கு இரண்டு முறை தண்டனை கிடையாது. மிஞ்சுவது 'நிலவொளியே', 'அவற்றுக்கு'. முந்தைய விதியே இங்கும் பொருந்தும்: 54 சொல்லில் இரண்டு, எனவே 1 புள்ளி.

வாக்கியம்: எச்சங்களை எண்ணுவது

சொற்களை எண்ணுவதைவிட, முடியாத வினைகளை எண்ணுங்கள். முற்று வரும் வரை பிள்ளை எதையெதை மனத்தில் தாங்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி. இரண்டாம் வாக்கியத்தைப் பாருங்கள். 'கரையேறும்' பெயரெச்சம். 'தோண்டி', 'செய்து', 'இட்டு', 'மூடிவிட்டு' நான்கும் வினையெச்சம். மொத்தம் ஐந்து. யார் செய்வது என்று தெரிவது ஒன்பதாம் சொல்லில், செயல் முடிவது இருபத்தொன்றாம் சொல்லில். 'நோக்கி' போல உருபாகவே ஆகிவிட்டதை நான் எண்ணுவதில்லை.

விதி: பத்தியிலேயே சிக்கலான வாக்கியத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், சராசரியை அல்ல. அதில் இரண்டு எச்சம் வரை 0, மூன்று நான்கு என்றால் 1, ஐந்தும் மேலும் 2. சராசரி 9 என்று மேலே பார்த்தோமே, அந்த ஒன்பதுக்குள் 4 சொல் வாக்கியமும் 21 சொல் வாக்கியமும் அடக்கம். பிள்ளை தடுக்கி விழுவது 21-இல்.

இங்கே எனக்கே ஒரு மனத்தாங்கல் உண்டு. இந்த நான்கு வினையெச்சமும் நடந்த வரிசையில் வருகின்றன, எல்லாம் ஒரே ஆமை செய்வது. கதை சொல்லும் பாட்டி இப்படித்தான் சொல்லுவாள், கேட்கும் பிள்ளைக்குச் சிரமமே இல்லை. வரிசை மாறியோ, ஆள் மாறியோ வரும் ஐந்து எச்சம் இதைவிடக் கடினம். அப்படியானால் 1 போடலாமா? கூடாது. தாளில் உள்ள விதி 2 என்கிறது, எனவே 2. நம் எண்ணத்தைக் குறிப்புக் கட்டத்தில் எழுத வேண்டும். ஆளாளுக்கு விதியை வளைத்தால், இரண்டு பேர் போட்ட புள்ளியை ஒப்பிடவே முடியாது. குறிப்பில் பலரும் இதையே எழுதினால் அடுத்த முறை விதியை மாற்றிக்கொள்ளலாம்.

கருத்து: சொல்லாமல் விட்ட இடம்

புதியவர்கள் அதிகம் கோட்டைவிடும் அளவுகோல் இதுதான். கடைசி மூன்று வாக்கியங்களும் குட்டி குட்டியானவை, 6, 7, 7 சொற்கள். கண்ணுக்குச் சுலபம். ஆனால் பத்தியின் பாரம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

'ஆகவேதான்' என்கிறது ஆறாம் வாக்கியம். எதனால்? திசை மாறுவதனால். திசை மாறினால் என்ன, சுற்றிக்கொண்டு போகட்டுமே என்று ஒரு பிள்ளை நினைத்தால் அது தவறில்லை. விளக்கு இருப்பது கரைப்பக்கம், குஞ்சு கடலுக்குப் பதிலாகச் சாலைக்குப் போகும், அங்கே செத்துவிடும். பத்தி இதில் எதையுமே சொல்லவில்லை. பெரியவர்கள் நாம் படிக்கும்போதே மனத்தில் நிரப்பிக்கொள்வதால் ஓட்டை இருப்பதே தெரிவதில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நிறுத்தி "ஏன்?" என்றும் "அதனால என்ன?" என்றும் கேளுங்கள். பதில் பத்திக்குள் இருக்கும் வரியைக் கையால் தொட்டுக் காட்ட முடிந்தால் சரி. முடியாவிட்டால் ஒரு இடைவெளி. விதி: இடைவெளி இல்லையென்றால் 0, அன்றாட அனுபவத்திலிருந்தே நிரப்பக்கூடிய ஒன்று இருந்தால் 1, இரண்டும் மேலும் இருந்தாலோ, வெளியறிவு இல்லாமல் நிரப்ப முடியாதது ஒன்று இருந்தாலோ 2. இங்கே எங்கே போகும், போனால் என்ன ஆகும் என்று இரண்டு. எனவே 2.

சென்னையில் கடற்கரையை ஒட்டிய பெசன்ட் நகரில் குடியிருக்கும் பிள்ளை, இரவில் ஆமை முட்டைகளைத் தேடி 'ஆமை நடை' போகிறவர்களைப் பார்த்திருக்கலாம், பொரிப்பகத்தையே பார்த்திருக்கலாம். கடலிலிருந்து தள்ளியிருக்கும் அம்பத்தூர்ப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு குறைவு. புள்ளி போடும்போது தலையில் எழுதிய வகுப்பைத்தான் பார்க்க வேண்டும், தெரிந்த பிள்ளை ஒன்றின் முகத்தை நினைத்துக்கொண்டு போடக்கூடாது.

கூட்டிப் பார்ப்பது

1, 1, 2, 2. எட்டுக்கு ஆறு. தாளின்படி 0 முதல் 2 வரை வகுப்புக்குக் கீழ், 3 முதல் 4 வரை பொருத்தம், 5-உம் அதற்கு மேலும் என்றால் வகுப்புக்கு மேல். தனியே வாசிக்கும் பத்தி என்றால் இன்னொரு நிபந்தனையும் உண்டு: கருத்தில் 2 வாங்கியது மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பொருத்தம் ஆகாது. எழுத்தைப் படிக்கத் தெரிந்தும் விஷயம் புரியாமல் விட்டுவிடும் பத்தி அது, பக்கத்தில் சொல்லித்தர ஆளும் இல்லை.

மதிப்பிடுபவரின் வேலை திருத்துவது அல்ல. ஆனாலும் எந்த வாக்கியம், என்ன காரணம் என்று குறிப்பில் இருந்தால் எழுதியவருக்குக் கை கொடுக்கும். இந்தப் பத்தியில் இரண்டு இடத்தை மட்டும் தொட்டால் போதும். இரண்டாம் வாக்கியத்தை உடைக்கலாம்: "ஜனவரி முதல் மார்ச் வரை பெண் ஆமை இரவில் கரைக்கு வரும். மணலைத் தோண்டிக் குழி செய்யும். அதில் சுமார் நூறு முட்டை இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும்." ஐந்தாம் வாக்கியத்துக்குப் பின் இதைச் சேர்க்கலாம்: "விளக்குகள் இருப்பது சாலைப் பக்கம். அதனால் குஞ்சுகள் கடலுக்குப் போகாமல் சாலைக்குப் போய்விடுகின்றன. அங்கே வண்டியில் அடிபட்டோ நாய்க்கு இரையாகியோ இறக்கின்றன."

இப்போது 71 சொற்கள். பத்தி நீண்டுவிட்டது, ஆனால் எளிதாகிவிட்டது. 'ஏறத்தாழ' போய்விட்டதால் வட்டம் இரண்டரை, 71 சொல்லுக்கு அது இன்னும் 1 புள்ளிதான். உருவத்தில் அதே 1. எந்த வாக்கியத்திலும் இரண்டு எச்சத்துக்கு மேல் இல்லை, 0. முட்டையைப் பொரிப்பகத்தில் வைத்தால் குஞ்சு எப்படிக் கடலுக்குப் போகும் என்பதைப் பிள்ளை ஊகிக்க வேண்டியிருக்கிறது, யாரோ கொண்டுபோய் விடுவார்கள் என்று அது ஊகித்துவிடும், 1. மொத்தம் 3. பொருத்தம்.

கையைச் சரிபார்ப்பது

முதல் பத்திக்குப் புள்ளி போடுமுன், அதே வகுப்பின் தமிழ், அறிவியல் பாடநூல்களிலிருந்து மூன்று உரைநடைப் பத்திகளுக்கு இதே தாளில் புள்ளி போட்டுப் பாருங்கள். எல்லாமே ஐந்து, ஆறு என்று வந்தால் உங்கள் பென்சில் கறாராக இருக்கிறது. அதற்காகப் பாடநூல்தான் தங்கத் தராசு என்று நினைத்துவிட வேண்டாம். அது ஆசிரியர் நடத்துவதற்காக எழுதியது. தனியே வாசிக்கும் பத்தி அதைவிட ஒரு படி கீழே இருந்தால்தான் சரியாக இருக்கும்.

பத்துப் பத்திகள் கொண்ட கட்டு வந்தால், ஒரு பத்தியை முழுக்க முடித்து அடுத்ததற்குப் போகாதீர்கள். பத்துக்கும் முதலில் வட்டம், பிறகு பத்துக்கும் அடிக்கோடு என்று போங்கள். சொல் எளிதாக இருந்த பத்திக்கு வாக்கியத்திலும் சலுகை காட்டும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. இந்த வரிசையில் போனால் அது குறையும்.

ஒவ்வொரு பத்தியையும் இருவர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், முடிக்கும் வரை பேசிக்கொள்ளக் கூடாது. ஓர் அளவுகோலில் ஒரு புள்ளி வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். ஒருவர் 0, மற்றவர் 2 என்றால் உட்கார்ந்து பேச வேண்டும், அதுவும் பத்தியில் உள்ள சொல்லைக் காட்டி மட்டும். "எங்க ஸ்கூல்ல பசங்க படிச்சிடுவாங்க" என்ற வாதம் அந்த மேசைக்கு வரக்கூடாது.

பிள்ளைகளிடம் கொண்டுபோவது

முடிந்தால் ஐந்தாறு பிள்ளைகளிடம் படிக்கக் கொடுங்கள். ஆசிரியரிடம் கேட்டால் வகுப்பில் நன்றாகப் படிப்பவர்களைத்தான் அனுப்புவார், அது இயல்பு. எனவே வருகைப் பதிவேட்டில் ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது பெயர் என்று கேளுங்கள்.

பிள்ளை சத்தமாகப் படிக்கட்டும், நீங்கள் பிரதியில் பிழையைக் குறியுங்கள். 100 சொல்லில் 95 சரியாகப் படித்தால் துணையோடு படிக்கத் தோதானது என்றும், 90-க்குக் கீழே போனால் பிள்ளை சலித்துவிடும் என்றும் வாசிப்பு ஆய்வில் பழைய அளவு ஒன்று இருக்கிறது. எம்மெட் பெட்ஸ் 1946-இல் வைத்தது. தனியே படிப்பதற்கு அவர் வைத்தது 99. எனக்கு அது நம் பிள்ளைகளுக்கு மிகக் கறாராகப் படுகிறது, 97-ஐ வைத்துக்கொள்கிறேன். 71 சொல் பத்தியில் இரண்டு பிழை என்றால் 97-க்குள் வந்துவிடும்.

எது பிழை என்பதில் கவனம் வேண்டும். 'வாழ்கிறது' என்பதை 'வாள்கிறது' என்றோ 'வாயுது' என்றோ படிக்கும் பிள்ளைகள் உண்டு. முதலாவது உச்சரிப்பு, பிழையே அல்ல. இரண்டாவதில் பிள்ளை எழுத்தைப் பார்த்து அர்த்தத்தைப் பிடித்துத் தன் பேச்சில் திருப்பிச் சொல்லியிருக்கிறது. அதைப் பிழையாக எண்ணாமல் ஓரத்தில் தனியாகக் குறித்து வையுங்கள். தானே திருத்திக்கொண்டதும் பிழை இல்லை. 'நிலவொளியே' என்பதை 'நிலா ஒலியே' என்று படித்தால் பிழை, ஏனென்றால் அர்த்தமே மாறிவிட்டது.

படித்து முடித்ததும் இரண்டே கேள்வி. ஒன்று பத்தியில் நேராக இருப்பது: "ஆமை எத்தனை முட்டை போடும்?" இன்னொன்று ஏன் கேள்வி: "முட்டைய எதுக்கு எடுத்துட்டுப் போறாங்க?" திருத்தாத பத்தியைத் தடையில்லாமல் படித்துவிட்டு, இரண்டாம் கேள்விக்கு "ஆம்லெட் போட" என்று ஒரு பிள்ளை சொன்னால் சிரித்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்: வாசிப்பில் 0 பிழை, ஏன் கேள்வி தவறு, ஐந்தாம் ஆறாம் வாக்கியங்களுக்கு இடையே ஓட்டை. சரளமாகப் படித்தும் பலர் இப்படிச் சொன்னால் கருத்துப் புள்ளி சரி. பலர் சரியாகச் சொல்லிவிட்டால், நீங்கள் போட்ட 2-ஐ 1 ஆக்கி, தேதியும் காரணமும் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பழைய புள்ளியை அழிக்காமல் கோடு மட்டும் போட்டு அடியுங்கள். அடுத்த ஆண்டு இதே பத்தியை எடுத்துப் பார்ப்பவருக்கு இரண்டும் தேவைப்படும்.